குண்டு பல்பும் ஏற்காட்டு மூட்டமும்: ஒரே ஃப்ரேமில் இரண்டு வெளிச்சம்

"தம்பி, இந்த டம்ளரோட நிழல் எங்கப்பா?"

படத்தைப் பார்த்ததும் கேமராமேன் அண்ணன் கேட்ட முதல் கேள்வி இதுதான். பாட்டியின் முகம் நன்றாக வந்திருக்கிறது, பங்களாவின் பழைய ஜன்னல் அழகாக இருக்கிறது என்று சொல்வார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் கண் நேராக மேஜைமேல் இருந்த டம்ளருக்குப் போய்விட்டது.

நண்பர்கள் சிலர் சேர்ந்து எடுக்கும் குறும்படம் அது. கதை நடப்பது ஏற்காட்டில் ஒரு பழைய காபி எஸ்டேட் பங்களாவில். கடைசிக் காட்சியில், மழை விட்ட சாயங்காலம், வெளியே பனிமூட்டம், வெள்ளைப் புடவை கட்டிய பாட்டி மேஜையருகே உட்கார்ந்திருக்கிறார். இடதுபக்கம் ஜன்னல், வலதுபக்கம் தகரக் கூண்டு போட்ட ஒரே ஒரு குண்டு பல்பு. மகன் வருவானா மாட்டானா என்பது அந்த இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில் தொங்கவேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. ஷூட்டிங்குக்கு முன்னால் எல்லோர் மனதிலும் ஒரே படம் இருப்பதற்காக, மாதிரி ஃப்ரேம் ஒன்றை உருவாக்கித் தரும் வேலை என்னுடையது. சேலம் அஸ்தம்பட்டியில் என் அறையில் இருக்கும் கணினியில், எழுதிக் கொடுக்கும் சொல்லிலிருந்து படம் உருவாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் என்ற ஏஐ மாடலை ஆட்டோமேட்டிக் 1111 என்ற மென்பொருள் வழியாக ஓட்டுகிறேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத் தொடங்கினேன். பத்து நாள் ஆனது.

முதலில் எழுதிய ப்ராம்ட் இது:

```
elderly woman in white saree at a table, old hill bungalow,
warm cozy lamp light, cool window light, misty evening,
brass tumbler, cinematic
```

படம் எந்த இரைச்சலிலிருந்து தொடங்கவேண்டும் என்று தீர்மானிக்கும் சீட் எண்கள் எட்டைக் குறித்துவைத்து எட்டுப் படம் எடுத்தேன். எட்டும் பார்க்க லட்சணமாக இருந்தன, எட்டிலும் அறை முழுக்க மஞ்சள். ஜன்னலுக்கு வெளியே மட்டும் கொஞ்சம் நீலம் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. அந்த நீலம் உள்ளே வரவே இல்லை. ஜன்னலை ஒட்டி இருந்த சுவர், ஜன்னல் பக்கத்துப் புடவை மடிப்பு எல்லாமே விளக்கு பக்கத்தைப் போலவே மஞ்சளடித்திருந்தன. நிழல் என்று பார்த்தால் டம்ளருக்கடியில் ஒரு மங்கலான பழுப்புத் திட்டு.

கண் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றும். நாம் எந்த அறைக்குள் போனாலும் மூளை அங்கிருக்கும் வெளிச்சத்தை வெள்ளையாகப் பழக்கிக்கொள்கிறது. படத்தையும் அப்படித்தான் பார்க்கிறோம். பித்தளை டம்ளர் வேறு தன் சொந்த நிறத்தாலேயே மஞ்சளாக மின்னி, விளக்கு வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறது என்ற எண்ணத்தைக் கொடுத்தது. அதனால் பித்தளையை அன்றைக்கே தூக்கிவிட்டு எவர்சில்வர் டம்ளர் வைத்தேன். எவர்சில்வர் கிட்டத்தட்ட முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. இரண்டு வெளிச்சம் இருந்தால் இடது விளிம்பில் ஒரு நீலக் கோடும் வலது விளிம்பில் ஒரு மஞ்சள் கோடும் விழுந்தே ஆகவேண்டும்.

அப்புறம், எது சரி என்று தெரியாமல் தப்பைத் திருத்த முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் பைக்கில் மலையேறினோம். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே போனால், ஊர் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் என்பதால் மூன்று மணிக்கே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் மூட்டம் இறங்கியிருந்தது. தெரிந்தவர் வீட்டில், படத்தில் இருக்கிற மாதிரியே மேஜையைப் போட்டு, இடதுபக்கம் ஜன்னல், வலதுபக்கம் 60 வாட் குண்டு பல்பு வைத்தோம். பாட்டி உட்காரும் இடத்தில் இரண்டு வெள்ளைத் தாள், ஒன்று ஜன்னலைப் பார்த்து, மற்றொன்று பல்பைப் பார்த்து. நடுவில் எவர்சில்வர் டம்ளர்.

அண்ணன் போனை எடுத்ததும், எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் காட்டவேண்டும் என்று சொல்லும் வைட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து மாற்றி 3800 கெல்வினில் பூட்டினார். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். "ஏண்ணா, பல்பு 2700, மேகமூட்டம் 6500. நடுவுல வச்சா 4600 தானே வரணும்?" என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்கு எனக்குப் புதிது. கெல்வின் எண் ஏற ஏற, ஒவ்வொரு நூறுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் குறைந்துகொண்டே போகிறது. 2700க்கும் 3200க்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். 6500க்கும் 7000க்கும் உள்ளது அவ்வளவாகத் தெரியாது. அதனால் விளக்குக்காரர்கள் பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்துக் கிடைக்கும் மைரெட் என்ற எண்ணில் கணக்குப் போடுகிறார்கள். 2700க்கு 370, 6500க்கு 154. இரண்டுக்கும் நடு 262. அதைத் திருப்பிக் கெல்வினாக்கினால் சுமார் 3800. அங்கே வைத்தால்தான் பல்பு எவ்வளவு மஞ்சளோ, ஜன்னல் அதே அளவு நீலமாகத் தெரியும். ஆட்டோவில் விட்டால் போன் ஏதாவது ஒரு பக்கத்தை வெள்ளையாக்கப் பார்க்கும், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மனசை மாற்றிக்கொள்ளும்.

நான்கரை மணிக்கு எடுத்த படத்தில் பல்பு எரிவதே தெரியவில்லை. இது ஒரு முக்கியமான இடம். 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமென் வெளிச்சம் தரும். எல்லாப் பக்கமும் சிதறினால் ஒரு மீட்டர் தள்ளி விழும் வெளிச்சம் 55, 60 லக்ஸ்தான், கூண்டு போட்டால் கீழ்நோக்கிக் கொஞ்சம் கூடும். பகல் ஜன்னலோ மூட்டத்திலும் பல நூறு லக்ஸ் தரும். இரண்டும் மோதினால் ஜன்னல்தான் ஜெயிக்கும். ஆறு மணி நெருங்கி, ஜன்னல் வெளிச்சம் பல்பு அளவுக்கு இறங்கும் சமயத்தில்தான், அதிகம் போனால் இருபது நிமிடம், இரண்டு நிறமும் சமமாக ஒரே மேஜையில் உட்காரும். அப்புறம் பல்பு ஜெயித்துவிடும். நம் மாதிரி ஃப்ரேம் அந்த இருபது நிமிடத்துக்குள் நடக்கிற ஒன்று என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. ப்ராம்ட்டில் வெறுமனே மாலை என்று போட்டிருந்தேன். மாடலுக்கு மாலை என்றால் பொன் வெயில். ஜன்னலையும் சேர்த்து மஞ்சளாக்கியதில் அதன் தப்பு எதுவும் இல்லை.

அந்த நேரத்தில் எடுத்த போட்டோவை, தொட்ட இடத்தின் நிற எண்களைக் காட்டும் கலர் பிக்கரால் தொட்டுப் பார்த்தேன். ஜன்னல் பக்கத்துத் தாளில் சிவப்பு 148, பச்சை 166, நீலம் 196. பல்பு பக்கத்துத் தாளில் சிவப்பு 231, பச்சை 188, நீலம் 139. எண்கள் கேமராவுக்குக் கேமரா மாறும், அதில் ஒன்றுமில்லை. பார்க்கவேண்டியது ஒன்றுதான். ஒரு தாளில் நீலம் சிவப்பை முந்துகிறது, மற்றதில் சிவப்பு நீலத்தை முந்துகிறது. வெள்ளைப் பொருளில் இந்த முந்துதல் இடத்துக்கு இடம் தலைகீழானால்தான் இரண்டு வெளிச்சம் உண்டு. என் எட்டுப் படத்திலும் பாட்டியின் புடவையை இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தேன். எட்டிலும் இரண்டு பக்கமும் சிவப்புதான் முந்தியது. அதாவது மாடல் போட்டிருந்தது ஒரே வெளிச்சம், அதற்குப் பக்கத்தில் நீலம் பூசிய ஒரு ஜன்னல் சட்டம்.

நிழலும் அங்கேதான் புரிந்தது. டம்ளருக்கு இரண்டு நிழல். ஜன்னல் வெளிச்சத்தை டம்ளர் மறைப்பதால் வலதுபக்கம் விழும் நிழலுக்குள் பல்பு வெளிச்சம் மட்டும் போகிறது, அதனால் அந்த நிழல் ஆரஞ்சு. பல்பை மறைத்து இடதுபக்கம் விழும் நிழலுக்குள் ஜன்னல் வெளிச்சம் மட்டும், அதனால் அது நீலம். மஞ்சள் பல்பு போடும் நிழல் நீலமாகவும் நீல ஜன்னல் போடும் நிழல் ஆரஞ்சாகவும் கிடப்பதை முதல்முறை பார்க்கும் யாரும் தலைகீழாக இருக்கிறதே என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன். அண்ணன் பல்பை ஒரு தரம் அணைத்துப் போட்டுக் காட்டினார்.

கீழே வந்து இரண்டாவது சுற்று. எண் தெரிந்துவிட்டதே என்ற தைரியத்தில் `2700K lamp, 6500K window` என்று எழுதினேன். அதே எட்டு சீட். ஒன்றும் மாறவில்லை. ஏன் என்று பார்த்தால், இந்த மாடலுக்கு நம் சொற்களைப் படித்துச் சொல்லும் பகுதி, எண்களை ஒவ்வோர் இலக்கமாக உடைத்துத்தான் படிக்கிறது. 2700K என்பது அதற்கு 2, 7, 0, 0, k என்று ஐந்து துண்டு. ஒரு தொகுதிக்கு மொத்தமே 75 துண்டுதான் இடம், அதில் பத்தை இந்த இரண்டு எண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அதோடு, மாடல் பார்த்துக் கற்ற போட்டோக்களின் கீழே யாரும் கெல்வின் எழுதிவைப்பது அரிது. பல்பு விற்கும் படத்தில் வேண்டுமானால் இருக்கும். எட்டில் ஒரு படத்தில் கூண்டு காணாமல்போய், காபி ஷாப்களில் தொங்குமே, உள்ளே கம்பிச் சுருள் தெரியும் பெரிய அலங்கார பல்பு, அது வந்து நின்றது. எண் ஏதோ வேலை செய்திருக்கிறது, ஆனால் வேறு வேலை.

எண்ணை எடுத்துவிட்டு `cold window light` என்று அழுத்திச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்தது. பனிமூட்டம் இல்லை, நிஜமாகவே வெண்பனி, ஊசியிலை மரங்களின் கிளையெல்லாம் வெள்ளை. பாட்டி தோளில் கம்பளி வந்துவிட்டது. ஏற்காட்டில் பனிப்பொழிவு! குளிர் என்ற சொல் வெளிச்சத்தைப் பிடிக்காமல் பருவத்தைப் பிடித்துக்கொண்டது. அதே மாதிரிதான் இதமான என்ற பொருளில் எழுதிய சொற்களும். `cozy` என்று ஒரு தடவை சொன்னால் போதும், அறையின் மூலைமுடுக்கெல்லாம் மஞ்சள் பாயும். `cinematic` என்று சேர்த்தால் நிழலெல்லாம் பச்சை கலந்த நீலமாகி, தோலெல்லாம் ஆரஞ்சாகி, விளம்பரப் படம் மாதிரி ஆகும். அதிலும் இரண்டு நிறம் இருக்கிறது, ஆனால் அவை எந்த விளக்கிலிருந்தும் வரவில்லை. பல்புக்கு நேர் கீழே, ஜன்னல் எட்டவே எட்டாத அலமாரி மூலையின் நிழல்கூட நீலமாக இருந்தால் அது படம் முழுக்கப் பிறகு பூசும் கலர் கிரேடிங், வெளிச்சம் அல்ல.

இதில் காரணம் ஒன்று இருக்கிறது. இந்த வகை மாடல் வெறும் இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தை வெளியே எடுக்கிறது. முதல் சில படிகளிலேயே பெரிய திட்டுகளும் மொத்த நிறச் சாய்வும் முடிவாகிவிடுகின்றன. கண், விரல், புடவைக் கரை எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு பொருளோடு ஒட்டாமல் மிதக்கும் நிறச் சொல் ஒன்று ப்ராம்ட்டில் இருந்தால், அந்த ஆரம்பப் படிகளில் அது முழுப் படத்தின்மேலும் பரவுகிறது. பரவிய பிறகு ஜன்னலுக்குத் தனி நிறம் கொடுக்க இடம் மிஞ்சாது.

அதனால் மூன்றாவது சுற்றில் வெப்பம், குளிர் என்ற சொற்களையே எடுத்துவிட்டேன். விளக்கு என்ன, எங்கே இருக்கிறது, அதன் நிறம் எந்தப் பொருள்மேல் விழுகிறது, இவ்வளவுதான்.

```
overcast rainy dusk, large window on the left,
bluish grey light on the wall and left side of white saree
BREAK
elderly woman at a table, one small bulb under a tin shade on the right,
amber light on table edge, steel tumbler and right sleeve
```

`BREAK` என்று போட்டால் ஆட்டோமேட்டிக் 1111 அங்கே ஒரு தொகுதியை முடித்து, மீதியை அடுத்த 75 துண்டுத் தொகுதியில் தொடங்கும். இரண்டு வாக்கியத்தின் நிறமும் ஒன்றோடொன்று கலப்பது கொஞ்சம் குறையும். இடதுபக்கத்தை இடதிலேயே கட்டிப்போடும் வேலையை அது செய்யாது, அதை எதிர்பார்த்து ஏமாறவேண்டாம். `bluish grey` என்று சாம்பலைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. மூட்டத்தின் வெளிச்சம் உண்மையில் சாம்பல் பூத்த நீலம். வெறும் நீலம் என்றால் மாடல் நிலா வெளிச்சத்துக்குப் போய்விடுகிறது, ஜன்னலில் ராத்திரி வந்துவிடுகிறது.

எட்டில் ஐந்தில் புடவை தலைகீழானது. ஜன்னல் பக்கம் நீலம் முந்தியது, பல்பு பக்கம் சிவப்பு. டம்ளரின் விளிம்பில் இரண்டு கோடும் விழுந்தன. எனக்கு ஒரே குஷி. இதற்கு முன் ஒரு தடவை முகத்தையும் விடாமல் இடது பாதி நீலம், வலது பாதி மஞ்சள் என்று எழுதிப் பார்த்திருந்தேன். அதை அண்ணனுக்கு அனுப்பியபோது வந்த பதில்: "திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரர் மாதிரி இருக்காங்க தம்பி." நெற்றி நடுவிலிருந்து மூக்கு வழியாகத் தாடை வரை நேர்க்கோடு போட்டு இரண்டு பாதி. நிஜத்தில் முகம் வளைந்தது. கன்னத்தின் ஓரத்தில் நீலம் முழுசாக இருக்கும், மூக்குத் தண்டுக்கு வரும்போது இரண்டும் கலந்து கிட்டத்தட்ட வெள்ளையாகும், அந்தப் பக்கம் மெல்ல மஞ்சளாகும். பாதி என்ற சொல்லே அங்கே கெடுதல். முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் சுவர், புடவை, மேஜை விளிம்பு, சட்டைக் கை ஆகியவற்றுக்கு மட்டும் நிறம் சொன்னால், முகம் தானாக அவற்றுக்கு நடுவில் வந்து உட்காருகிறது.

நிழல் மட்டும் வரவில்லை. எத்தனை விதமாக எழுதினாலும் டம்ளருக்கு ஒரே நிழல், அதுவும் சாம்பல். இரண்டு நிழல் என்று எழுதினால் இரண்டு டம்ளர் வந்தது. சொல்லால் முடியாத இடம் இது என்று ஒப்புக்கொள்ள இரண்டு நாள் பிடித்தது. நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

கடைசி வழி, கையால் வரைந்து கொடுப்பது. மூன்றாம் சுற்றில் வந்த நல்ல படத்தை கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் திறந்து, மேலே ஒரு லேயர் போட்டு, டம்ளருக்கு இடதுபக்கம் மங்கலான நீலத் தூரிகையால் ஒரு நிழல், வலதுபக்கம் ஆரஞ்சில் ஒன்று. சுவரில் ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் சாம்பல் நீலம். குழந்தை கிறுக்கியது போலத்தான் இருந்தது. அதை, கொடுத்த படத்திலிருந்து புதுப் படம் உருவாக்கும் `img2img` பகுதியில் அதே ப்ராம்ட்டோடு கொடுத்தேன். இங்கே, கொடுத்த படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `Denoising strength` என்ற ஒரே அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 0.25இல் என் தூரிகைத் தடம் அப்படியே அசிங்கமாக நின்றது. 0.6இல் தடம் போய்விட்டது, கூடவே நான் கொடுத்த நீலமும் போய், அறை பழையபடி மஞ்சளுக்குச் சாய்ந்தது. 0.4 பக்கத்தில், கொடுத்த நிறத் திட்டுகள் அடியில் தங்கி, அதன்மேல் மரத்தின் ரேகையும் நிழலின் மங்கிய ஓரமும் புதிதாக உருவாயின. குறைந்த அளவில் ஆரம்பப் படிகள் தவிர்க்கப்படுகின்றன, நிறச் சாய்வு முடிவாகும் அந்தப் படிகளுக்குப் பதில் என் கிறுக்கலே நிற்கிறது. 0.42இல் மூன்றாவது சீட் எண்ணில் வந்ததைத்தான் இறுதியாக வைத்துக்கொண்டோம்.

இதே குறும்படத்துக்கு இன்னொரு ஃப்ரேமும் இருந்தது. மகன் சேலத்தில் ஒரு வாடகை வீட்டில், அதே சாயங்காலம். எங்கள் ஊர் வீடுகளில் விஷயம் நேர் எதிர். உள்ளே 6500 கெல்வின் ட்யூப்லைட், வெளியே மேற்கு வெயில் ஜன்னல் கம்பி வழியாக ஆரஞ்சாகத் தரையில் விழும். உள்ளே குளிர்ந்த நிறம், வெளியே வெப்பமான நிறம். வீட்டு விளக்கு என்றாலே மஞ்சள் என்று மாடல் பிடிவாதமாக நம்புகிறது. `fluorescent` என்று எழுதினால் வீடு ஆஸ்பத்திரி வராண்டாவாகி, சுவரில் பச்சை ஏறுகிறது. பழைய ட்யூப்லைட்டின் வெளிச்சத்தில் பச்சைப் பகுதி தூக்கலாக இருக்கும், ஃபிலிமில் எடுத்தால் படமே பச்சையடிக்கும், அந்த நினைவு மாடலில் தங்கியிருக்கிறது போலும். இங்கே இரண்டு நிறம் கேட்காமல் ஒன்றைத்தான் கேட்டேன். சுவர் வெறும் வெள்ளை, கூரை விளக்கு வெறும் வெள்ளை, தரையில் கம்பி நிழலோடு ஆரஞ்சு வெயில் ஒரு திட்டு. ட்யூப்லைட்டுக்கு வைட் பேலன்ஸ் வைத்து எடுத்த படம் எப்படி இருக்குமோ அப்படி. கிறுக்கல் எதுவும் தேவைப்படவில்லை, முதல் நாளே முடிந்தது.

ஏற்காட்டு ஃப்ரேமின் இறுதிப் படத்தை அனுப்பிய இரவு அண்ணன் போன் செய்தார். லைன் விட்டுவிட்டு வந்தது. "எல்லாம் சரி தம்பி, எடது பக்கம் நெழல் மட்டும் கொஞ்சம் நீலம் அதிகம்" என்று காதில் விழுந்தது. இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து அந்த நிழலின் நீலத்தைக் குறைத்து, கலர் பிக்கரால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, திரும்ப 0.42இல் ஓட்டி அனுப்பினேன்.

காலையில் பதில் வந்திருந்தது. "நீலம் இல்லப்பா, நீளம். பல்பு அவ்ளோ உயரத்துல இருந்தா நெழல் இவ்ளோ தூரம் விழாது. பழைய கலரையே வச்சுட்டு, குட்டையாக்கு."